கரப்பந்து ஜேர்சியைப் படத்தில் போட்டுக் காட்ட வேண்டும்: கோடும் இலக்கமும் உடம்போடு போகவில்லை

மஸ்கெலியா_கரப்பந்து

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் கரப்பந்து அணிக்குப் புது ஜேர்சி அடிக்கப் போகிறோம். துணி வெட்டுவதற்கு முன்னால், காசு தருகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று ஒரு படத்தில் காட்ட வேண்டும். அணித் தலைவரை வெள்ளை வட்டக் கழுத்து டீ சேர்ட்டோடு நேராக நிறுத்தி இடுப்புக்குக் கீழ் வரை படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதன் மேல் போட்டோஷொப்பில் ஜேர்சியை ஏற்றுகிறேன்.

டிசைன் இதுதான்: கடும் பச்சை, நடுவில் வெறும் பச்சையாக விட்டு இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக மும்மூன்று மஞ்சள் கோடு, வயிற்றுப் பக்கம் குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை, மார்பு நடுவில் வெள்ளையில் இலக்கம் 7.

வெள்ளைச் சேர்ட்டை மட்டும் வெட்டி எடுத்து, டிசைனை அதன் மேல் Multiply-இல் வைத்தேன். நிழல் தெரிகிறது, ஆனால் கோடு எல்லாம் சுவரில் ஒட்டிய போஸ்டர் மாதிரி தட்டையாக நிற்கிறது. சரி, Displace போட்டால் மடிப்போடு போகும் என்று படித்துவிட்டு அதையும் போட்டேன். கோடு கொஞ்சம் நெளிகிறது, ஆனால் டிசைன் மொத்தமும் ஒரு மூலைப் பக்கமாக நகர்ந்துவிட்டது, 7 நடுவில் இல்லை. மஞ்சள் வேறு நிழலில் அழுக்குப் பச்சையாகத் தெரிகிறது. எங்கே பிழை என்று யாராவது சொல்லுங்கள்.

பதுளைக்காரன்

Displace-இல் எவ்வளவு அளவு கொடுத்தீர்கள்? வழக்கமாக 10 கொடுப்பார்கள், அது போதாது. 30, 40 கொடுத்துப் பாருங்கள், கோடு நன்றாக வளையும். Displace-க்குக் கொடுத்த மடிப்புப் படத்தை பிளர் பண்ணிச் சேமித்தீர்களா? பிளர் பண்ணாவிட்டால் துணியின் நூல் எல்லாம் கோட்டின் ஓரத்தில் பல்லுப் பல்லாக வரும். இலக்கம் நகர்ந்தால் கையால் இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்து வையுங்கள், அவ்வளவுதான்.

நானுஓயா_பிரிண்ட்

தம்பி, சப்ளிமேஷன் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வளைவு எல்லாம் தேவையே இல்லை. முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நான்கு துண்டாகத் தட்டையாகக் கொடுங்கள், ஓரத்தில் தையலுக்கு இடம் விடுங்கள், எழுத்தை எல்லாம் வடிவமாக மாற்றி அனுப்புங்கள். வளைத்த கோட்டை அச்சுக்கு அனுப்பினால் துணியிலும் வளைந்துதான் விழும்.

மஸ்கெலியா_கரப்பந்து

அண்ணே, அச்சுக்கு அல்ல, படத்தில் காட்டுவதற்கு மட்டும்தான் கேட்கிறேன். அச்சுக்குத் தட்டையான கோப்பு தனியாக இருக்கிறது. ஆனாலும் நீங்கள் சொன்னது சரி, இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொள்கிறேன்.

பதுளைக்காரன், 40 போட்டுப் பார்த்தேன். கோடு பாம்பு மாதிரி நெளிகிறது, ஆனால் விலாப் பக்கம் இன்னும் தட்டையாகத்தான் இருக்கிறது.

ஹட்டன்_படக்காரர்

தம்பி, இதில் இரண்டு வேறு வேலை இருக்கிறது, நீங்கள் இரண்டையும் Displace-இடம் ஒப்படைத்துவிட்டீர்கள். உடம்பு உருண்டையாக இருப்பதால் கோடு வளைவது ஒன்று. துணி மடிவதால் கோடு நெளிவது இன்னொன்று. முதலாவது பத்துப் பதினைந்து செ.மீ. அளவில் நடக்கும் பெரிய மாற்றம், இரண்டாவது இரண்டு மூன்று செ.மீ. அளவில் நடப்பது. Displace இரண்டாவதுக்கு மட்டும்தான் உதவும். அது வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நகர்த்துகிறது, உடம்பு எங்கே முன்னால் இருக்கிறது, எங்கே பின்னால் போகிறது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் 40 போட்டும் விலா தட்டையாக இருக்கிறது. உருண்டைக்கு Edit > Transform > Warp, அதை நீங்களே கையால் செய்ய வேண்டும், அதுவும் Displace-க்கு முன்னால்.

எவ்வளவு வளைக்க வேண்டும் என்பதைக் கண்ணால் குத்துமதிப்பாகப் போடாமல் ஒரு கணக்குப் பார்த்துச் செய்தால் நல்லது. முதலில் உங்கள் படத்தில் ஒரு செ.மீ.க்கு எத்தனை பிக்சல் என்று தெரிய வேண்டும். தலைவர் அதே இடத்தில் நின்று ஒரு A4 தாளை மார்போடு பிடித்திருக்கிற மாதிரி இன்னொரு படம் எடுக்க முடியுமா? கமெராவை நகர்த்தக் கூடாது, சூம் மாற்றக் கூடாது. தாளின் நீளம் 29.7 செ.மீ. என்பது நிச்சயம், அதைப் படத்தில் அளந்து சொல்லுங்கள். மார்பின் அகலம் படத்தில் எத்தனை பிக்சல், கமெரா எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

தையல்கடை_அக்கா

தாள் எதற்கு, சேர்ட்டின் அக்குளுக்கு அக்குள் அளந்தால் போதுமே தம்பி? ஆண்களின் சேர்ட் என்றால் 50, 52 செ.மீ. வரும்.

ஹட்டன்_படக்காரர்

அக்கா, மேசையில் விரித்து வைத்து அளந்தால்தான் 52. போட்டுக்கொண்டு நின்றால் அந்த 52 உடம்பைச் சுற்றிப் போய்விடும், முன்னால் நின்று பார்க்கிறவருக்கு 38, 40 தான் தெரியும். அந்த 38 செ.மீ.யை 52 என்று எடுத்துக் கணக்குப் போட்டால் இலக்கம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சின்னதாகிவிடும். அதனால்தான் மார்புக்கு முன்னால் தட்டையாக நிற்கும் ஒரு பொருள் வேண்டும் என்றேன்.

தையல்கடை_அக்கா

ஓம், அது சரிதான். நான் வெட்டுகிற கணக்கில் யோசித்துவிட்டேன்.

மஸ்கெலியா_கரப்பந்து

அண்ணே, இன்று பின்னேரம் மறுபடி எடுத்தோம். A4 தாள் 594 பிக்சல். மார்பு அகலம், கை வராமல் உடம்பு மட்டும், 760 பிக்சல். கமெரா 2 மீற்றர் தூரத்தில், முகத்தின் உயரத்தில் இருந்தது. குறுக்குப் பட்டை வர வேண்டிய இடம் லென்ஸுக்கு ஏறக்குறைய 50 செ.மீ. கீழே.

ஹட்டன்_படக்காரர்

நல்லது. 594-ஐ 29.7-ஆல் பிரித்தால் ஒரு செ.மீ.க்கு 20 பிக்சல். உங்கள் மார்பு 38 செ.மீ. அகலம், நடுவிலிருந்து ஒரு பக்கம் 19 செ.மீ., அதாவது 380 பிக்சல்.

இப்போது மேலிருந்து கீழாக வரும் கோடு. தட்டையான டிசைனில் நடுவிலிருந்து 12, 17, 22 செ.மீ. தள்ளி மூன்று கோடு என்று வைத்துக்கொள்வோம். அப்படியே ஒட்டினால் மூன்றாவது கோடு உடம்புக்கு வெளியே போய்விடும், ஏனென்றால் உடம்பு தெரிவதே 19 செ.மீ. தான். உடம்பை ஒரு உருளை என்று எடுத்தால், துணியில் அளந்த தூரத்தை 19-ஆல் பிரித்து, வருகிற எண்ணுக்கு ரேடியனில் sin எடுத்து, 380-ஆல் பெருக்க வேண்டும். 12 செ.மீ. கோடு 224 பிக்சலில் விழும், 17 செ.மீ. 296-இல், 22 செ.மீ. 348-இல். தட்டையாக இருந்தபோது கோட்டுக்கும் கோட்டுக்கும் 100 பிக்சல் இடைவெளி. இப்போது முதல் இடைவெளி 72, இரண்டாவது 52. கோட்டின் தடிப்பும் அதே மாதிரி குறையும்: 2 செ.மீ. தடிப்பான கோடு முதல் இடத்தில் ஏறக்குறைய 32 பிக்சல், மூன்றாவது இடத்தில் 16 பிக்சல்தான். விலாப் பக்கம் போகப் போகக் கோடு நெருங்கி மெலிந்தால்தான் கண் அதை உருண்டை என்று நம்பும். நீங்கள் கோடு முழுக்க ஒரே தடிப்பில், ஒரே இடைவெளியில் விட்டிருக்கிறீர்கள், போஸ்டர் மாதிரி தெரிவதற்கு முதல் காரணம் அதுதான்.

மனுஷ உடம்பு சரியான உருளை அல்ல, முன்பக்கம் கொஞ்சம் தட்டை, ஓரத்தில்தான் திடீரென்று திரும்பும். அதனால் முதல் கோட்டைக் கணக்கை விடச் சற்று வெளியே வைக்கலாம், மற்ற இரண்டும் இன்னும் நெருக்கமாக வரட்டும். இதைக் கண்ணால் பார்த்து முடிவு பண்ணுங்கள்.

அடுத்தது குறுக்குப் பட்டை. கமெரா முகத்தின் உயரத்தில் இருக்கிறது, பட்டை அதற்குக் கீழே. அப்படி இருக்கும்போது வயிற்றின் நடு உங்களுக்கு அருகில், ஓரங்கள் தள்ளி. அருகில் இருப்பது லென்ஸ் மட்டத்திலிருந்து இன்னும் கீழே தெரியும், ஆகவே பட்டையின் நடு தாழ்ந்து இரண்டு ஓரமும் உயர வேண்டும். ஓரம் நடுவை விட 12 செ.மீ. பின்னால் என்று எடுத்தால், 2 மீற்றரில் 50 செ.மீ. கீழே இருக்கும் பட்டை நடுவில் 2.8 செ.மீ. தாழும், உங்கள் படத்தில் 55 பிக்சல் பக்கம். கமெராவை 4 மீற்றருக்குக் கொண்டுபோனால் அது பாதியாகிவிடும். கமெராவைப் பட்டையின் மட்டத்துக்கே இறக்கினால் வளைவே இருக்காது, நேர்க்கோடுதான்.

சேர்ட்டின் கீழ் விளிம்பைப் பாருங்கள். அது படத்தில் ஏற்கெனவே எப்படி வளைந்திருக்கிறது என்று தெரியும். பட்டை அதே பக்கமாக, அதை விடக் கொஞ்சம் குறைவாக வளைய வேண்டும். அதற்கு எதிராக வளைந்தால் பிழை என்று உடனே தெரிந்துவிடும்.

பதுளைக்காரன்

இவ்வளவு கணக்கு வேண்டுமா? Warp-இல் Arc என்று ஒரு தயார் வடிவம் இருக்கிறது, அதைத் தட்டினால் முடிந்தது.

ஹட்டன்_படக்காரர்

குறுக்குப் பட்டைக்கு Arc ஓரளவு சரி வரும். ஆனால் அது மேலே கீழே வளைக்குமே தவிர ஓரத்தில் கோட்டை நெருக்காது. அதனால் Warp-இல் கட்டம் 3 x 3 அல்லது 4 x 4 எடுத்து, நடு நெடுங்கட்டங்களை அகலமாக்கி, ஓரக் கட்டங்களை ஒடுக்குங்கள். முதலில் டிசைனை Smart Object ஆக்கிவிட்டுச் செய்தால் அப்புறம் எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டத்தைத் திறந்து திருத்தலாம், உள்ளே நிறம் மாற்றினாலும் வளைவு அப்படியே நிற்கும்.

பண்டாரவளை_பிள்ளை

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். என்னிடம் போட்டோஷொப் இல்லை, GIMP தான். எனக்குக் கிடைத்த படத்தில் பையன் கறுப்பு டீ சேர்ட் போட்டிருக்கிறான், அதுவும் உடம்பைக் கொஞ்சம் திருப்பி நிற்கிறான். அவன் ஊரில் இல்லை, மறுபடி எடுக்க முடியாது. வெள்ளை ஜேர்சி போட்டுக் காட்ட வேண்டும். முடியுமா?

ஹட்டன்_படக்காரர்

பிள்ளை, GIMP-இல் Warp Transform-உம் இருக்கிறது, Filters > Map > Displace-உம் இருக்கிறது, வேலை நடக்கும். கறுப்பை வெள்ளையாக்குவதுதான் சிக்கல். கறுப்புத் துணியின் நிழல் பக்கத்தில் ஒன்றுமே பதிவாகியிருக்காது, அதை Levels-ஆல் தூக்கினால் மடிப்பு வராது, புள்ளிப் புள்ளியாக இரைச்சல்தான் வரும். கடும் நிறத்தில் ஜேர்சி என்றால் சமாளிக்கலாம், வெள்ளை என்றால் மடிப்பை நீங்களே வரைய வேண்டியிருக்கும்.

திரும்பி நிற்பதைப் பற்றி ஒன்று: இலக்கத்தை உடம்பின் வெளிக்கோட்டுக்கு நடுவில் வைக்காதீர்கள். கழுத்துக் குழியிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு போடுங்கள், அதுதான் சேர்ட்டின் நடு. உடம்பு திரும்பினால் அந்தக் கோடும் ஒரு பக்கம் போகும், வளையும். இலக்கம் அதன் மேல்தான் உட்கார வேண்டும், அப்பால் போகும் பக்கம் கொஞ்சம் ஒடுங்கவும் வேண்டும்.

தையல்கடை_அக்கா

அப்படியே கையையும் பாருங்கள். நிறையப் பேர் உடம்பில் போகிற பட்டையைக் கையிலும் அப்படியே ஒரே கோடாகத் தொடர விடுகிறார்கள். கை தனித் துண்டு. தோளில் தைக்கிற இடத்தில் பட்டை முறியும், கை தொங்குகிற பக்கமாகச் சரியும். கழுத்திலிருந்தே கை இறங்குகிற ரக்லான் வெட்டு என்றால் தையல் வேறு இடத்தில் ஓடும். எந்த வெட்டு என்று முதலில் முடிவு பண்ணுங்கள், இல்லாவிட்டால் படத்தில் ஒன்றைக் காட்டி, தைத்து வேறொன்றைக் கொடுப்போம், அப்புறம் கடையில் நின்று சண்டை. விலாவில் முன்துண்டும் பின்துண்டும் சேருகிற தையலில் கோடு விழாமல் இரண்டு செ.மீ.யாவது தள்ளி வையுங்கள்.

மஸ்கெலியா_கரப்பந்து

கை தனியாக வைத்து வெட்டுகிற சாதாரண வெட்டுதான் அக்கா. கைக்குத் தனி லேயர் போட்டுவிட்டேன், தோள் தையலில் மாஸ்க் வைத்து நிறுத்தினேன். Warp பண்ணிய பிறகு உடம்பு உடம்பாகத் தெரிகிறது, கோடு நெருங்கியவுடன் பெரிய வித்தியாசம்.

ஆனால் Displace போட்டவுடன் பழையபடி எல்லாம் நகர்கிறது. பதுளைக்காரன் சொன்ன மாதிரி கையால் இழுத்து வைத்தேன், அப்போது இலக்கம் சரியாகிறது, ஆனால் மடிப்புக்கும் நெளிவுக்கும் பொருந்தவில்லை. மடிப்பு ஒரு இடத்தில், நெளிவு அதற்குக் கொஞ்சம் பக்கத்தில்.

ஹட்டன்_படக்காரர்

Displace நடுச் சாம்பல் நிறத்தை, அதாவது 128-ஐ, நகராத இடம் என்று எடுத்துக்கொள்ளும். அதை விட வெளிச்சமானது ஒரு பக்கம் தள்ளும், இருட்டானது எதிர்ப் பக்கம் தள்ளும். அளவு 100 என்றால் ஆகக் கூடியது 128 பிக்சல், 10 என்றால் 13 பிக்சல் பக்கம். உங்கள் சேர்ட் வெள்ளை. மடிப்பில்லாத இடமே 230 இருக்கும். அப்படியென்றால் சேர்ட் முழுவதும் 128-க்கு மேல், முழு டிசைனும் ஒரே பக்கம் 10 பிக்சல் தள்ளப்படும், மடிப்புக்கும் மடிப்பில்லாத இடத்துக்கும் வித்தியாசம் இரண்டு மூன்று பிக்சல்தான். நீங்கள் 40 போட்டபோது மொத்தமும் 40 பிக்சல், இரண்டு செ.மீ., நகர்ந்திருக்கும்.

ஆகவே மடிப்புப் படத்தை முதலில் 128-ஐச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். இதற்கு நல்ல வழி Filter > Other > High Pass. அது பெரிய வெளிச்சம் இருட்டை எடுத்துவிட்டு, மிச்சத்தை நடுச் சாம்பலைச் சுற்றி வைத்துவிடும். உடம்பின் உருண்டையால் வரும் நிழலும் அதிலேயே போய்விடும், அது நமக்கு வேண்டியதுதான், உருண்டையை Warp ஏற்கெனவே பார்த்துக்கொண்டது.

செய்யும் வரிசை: சேர்ட் படத்தை இன்னொரு கோப்பாக எடுங்கள், அளவு முதல் கோப்பின் அளவாகவே இருக்கட்டும், வெட்டினால் மடிப்பு பொருந்தாது. நிறத்தை நீக்குங்கள். சேர்ட்டுக்கு வெளியே இருக்கும் முகம், கை, பின்னணி எல்லாவற்றையும் சேர்ட்டின் சராசரிச் சாம்பலால் நிரப்புங்கள். இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் சேர்ட்டின் ஓரத்தில் ஒளிவட்டம் மாதிரி ஒரு கீற்று வந்து, விலாப் பக்கக் கோடு எல்லாம் ஓரத்தில் கொக்கி மாதிரி மடங்கும். அப்புறம் High Pass, உங்கள் படத்துக்கு 50 பிக்சலில் தொடங்கலாம், ஏனென்றால் மடிப்பு இரண்டு மூன்று செ.மீ. அகலம். அதற்கு மேல் Gaussian Blur 4 அல்லது 5 பிக்சல், இது பதுளைக்காரன் சொன்ன மாதிரி நூலை மறைக்க. PSD ஆகச் சேமியுங்கள். Displace 10 கொடுத்துப் பாருங்கள்.

சரியா என்று பார்ப்பதற்கு: Displace-ஐ அணைத்து அணைத்துப் போடுங்கள். மடிப்பில்லாத இடத்தில் கோடு அசையக் கூடாது, மடிப்பில் மட்டும் அசைய வேண்டும்.

பதுளைக்காரன்

High Pass எனக்குப் புதுசு. நான் இவ்வளவு காலமும் Levels-ஐ இழுத்து நடுவுக்குக் கொண்டுவருவேன், அதிலும் இலக்கம் நடுவில் நிற்கிறது.

ஹட்டன்_படக்காரர்

Levels-உம் போதும், வெளிச்சம் சீராக விழுந்த படத்தில். ஒரு பக்கம் யன்னல் வெளிச்சம் என்றால் ஒரு பக்கம் 200, மறுபக்கம் 80 என்று இருக்கும், அப்போது Levels-ஆல் இரண்டையும் ஒரே நேரத்தில் நடுவுக்குக் கொண்டுவர முடியாது.

மஸ்கெலியா_கரப்பந்து

இப்போது நகரவில்லை! ஓரத்து மடங்கலும் இல்லை. ஆனால் நெளிவு மிகவும் மெல்லியதாக இருக்கிறது. படம் எடுத்த அன்றைக்கு ஒரே பனிமூட்டம், சேர்ட்டில் மடிப்பே சரியாகத் தெரியவில்லை. அளவைக் கூட்டவா?

ஹட்டன்_படக்காரர்

நம் பக்கத்தில் இது எப்போதும் வரும். மூட்டம் என்றால் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வரும், முகத்துக்கு அழகாக இருக்கும், துணிக்கு ஒன்றுமே மிஞ்சாது. High Pass பண்ணிய படத்தில் Levels-இன் இரண்டு முனையையும் சம தூரம் உள்ளே இழுங்கள், உதாரணமாக 78 - 178, நடு 128-இலேயே நிற்கும், மடிப்பு எழும்பும். அதற்கு மேல் இழுத்தால் இரைச்சலும் சேர்ந்து எழும்பும், அப்போது பிளரைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

மற்றப் பிள்ளைகளை எடுக்கும்போது வெளியே நிறுத்தாமல், விறாந்தையில் வாசலுக்குப் பக்கவாட்டாக நிறுத்துங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வந்தால், வெளியே மூட்டமாக இருந்தாலும் மடிப்பு பதியும்.

பண்டாரவளை_பிள்ளை

மஞ்சள் அழுக்காகத் தெரிவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, எனக்கும் அந்தப் பிரச்சினை இருக்கிறது.

ஹட்டன்_படக்காரர்

Multiply-இல் மஞ்சளைச் சாம்பலோடு பெருக்கினால் கிடைப்பது இருண்ட மஞ்சள், அதைக் கண் பச்சை என்றுதான் பார்க்கும். உண்மையான மஞ்சள் துணியின் மடிப்புக்குள் துணியிலிருந்தே வெளிச்சம் திரும்பத் திரும்பப் பட்டு வருவதால் நிழல் செம்மஞ்சள் பக்கமாகப் போகும். அதனால் மஞ்சள் கோட்டின் நிழலுக்கு மட்டும் தனி லேயர் வையுங்கள், சாம்பலுக்குப் பதிலாக Gradient Map-ஆல் இருட்டு முனையில் மண்ணிறம், வெளிச்ச முனையில் வெள்ளை. பச்சைக்கு இதைப் போடாதீர்கள், பச்சை செத்துப்போகும்.

கடும் பச்சைக்கு எதிர்ப் பிரச்சினை: ஏற்கெனவே இருட்டு, Multiply-இல் மடிப்பு விழுங்கப்பட்டுவிடும். சேர்ட் படத்தை இன்னொரு தடவை எடுத்து, Levels-இல் வெளிச்சமான பகுதி மட்டும் மிஞ்சும்படி செய்து, Screen-இல் 15, 20 சதவீதத்துக்கு வையுங்கள். மடிப்பின் முதுகு தெரியும்.

மஸ்கெலியா_கரப்பந்து

மஞ்சள் இப்போது மஞ்சளாகவே இருக்கிறது. கடைசியாக இலக்கம். அதன் அளவுக்கு விதி ஏதும் இருக்கிறதா? நான் அழகுக்குச் சின்னதாக வைத்திருக்கிறேன், உயரம் 220 பிக்சல்.

ஹட்டன்_படக்காரர்

கரப்பந்தில் விதி இருக்கிறது. சர்வதேச விதிப்படி மார்பில் ஆகக் குறைந்தது 15 செ.மீ. உயரம், முதுகில் 20 செ.மீ., இலக்கத்தின் கோட்டுத் தடிப்பு ஆகக் குறைந்தது 2 செ.மீ. முன்னாலும் பின்னாலும் நடுவில் இருக்க வேண்டும், ஜேர்சி நிறத்திலிருந்து பிரிந்து தெரிய வேண்டும். உங்கள் படத்தில் 15 செ.மீ. என்றால் 300 பிக்சல், தடிப்பு 40 பிக்சல். 220 என்றால் 11 செ.மீ. தான்.

லிபரோவுக்கு வேறு நிறத்தில் ஜேர்சி வேண்டும் என்பதை மறக்காதீர்கள், அதற்கும் ஒரு படம் செய்துவிடுங்கள்.

தையல்கடை_அக்கா

இலக்கம் துணியோடு அச்சாகப் போகிறதா, மேலே சூடு வைத்து ஒட்டப் போகிறீர்களா? ஒட்டுகிற இலக்கம் கொஞ்சம் விறைப்பு. துணி சின்னச் சின்னதாக மடிந்தாலும் இலக்கம் அவ்வளவு மடியாது, பெரிய மடிப்பில் மட்டும் முறியும். படத்தில் இலக்கம் துணி மாதிரியே நெளிந்தால் ஒட்டின மாதிரி தெரியாது.

ஹட்டன்_படக்காரர்

அக்கா சொல்வது சரி. ஒட்டுவது என்றால் இலக்கத்துக்கு மட்டும் வேறு மடிப்புப் படம் வையுங்கள், பிளர் 5-க்குப் பதில் 15. சின்ன மடிப்பு போய்விடும், பெரியது நிற்கும்.

பதுளைக்காரன்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒட்டினாலும் அச்சடித்தாலும் காசு தருகிறவர் இலக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். நான் இலக்கத்துக்கு Displace போடவே மாட்டேன், Warp மட்டும், நிழல் மட்டும் மேலே விழட்டும். 7 பரவாயில்லை, 8-உம் 3-உம் நெளிந்தால் தூரத்திலிருந்து ஒன்று போலத் தெரியும்.

ஹட்டன்_படக்காரர்

நிழல் மடிப்பைக் காட்டி, இலக்கத்தின் ஓரம் நேராக நின்றால் அது மிதக்கும் தம்பி. Displace 3, 4 ஆவது கொடுக்க வேண்டும்.

பதுளைக்காரன்

பெரிதாக அச்சடித்துத் தொங்கவிடுகிற படத்தில் மிதக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஃபோனில் அனுப்பிக் காட்டுகிற படத்தில் 3 பிக்சல் யாருக்கும் தெரியாது, படிக்க முடிகிறதா என்பதுதான் தெரியும்.

மஸ்கெலியா_கரப்பந்து

ஒட்டுகிற இலக்கம்தான் அக்கா. இரண்டு விதமாகவும் செய்து பார்த்தேன், பெரிய திரையில் படக்காரர் அண்ணன் சொன்னது நன்றாக இருக்கிறது, ஃபோனில் எனக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. எங்கள் அணியில் 8-உம் 3-உம் இருக்கிறார்கள், அவர்களுடைய படம் வந்தவுடன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளைகளிடமே காட்டிக் கேட்கிறேன். லிபரோவுக்கு மஞ்சள் உடம்பு, பச்சைக் கோடு, பச்சை இலக்கம் என்று மாற்றுகிறேன். அப்படியென்றால் மண்ணிற நிழல் லேயர் இப்போது உடம்பு முழுக்க வர வேண்டும், கோட்டில் வரக் கூடாது, சரிதானே அண்ணே?

ஹட்டன்_படக்காரர்

சரி. மாஸ்க்கைத் தலைகீழாக்கி, பச்சை இலக்கத்தையும் சேர்ட்டுக்கு வெளியே இருப்பதையும் மறைத்தால் போதும். உடம்பு முழுக்க மஞ்சளாக வரும்போது கழுத்துக்குக் கீழ் தாடையில் கொஞ்சம் மஞ்சள் ஒளி தெறிக்கும், வெள்ளைச் சேர்ட்டில் எடுத்த படத்தில் அது இருக்காது. தாடையின் அடியில் மட்டும் மெல்லிய மஞ்சளை Soft Light-இல் 10 சதவீதத்துக்கு விடுங்கள், தலையும் ஜேர்சியும் ஒரே வெளிச்சத்தில் நிற்கும்.